சீட்டுக்கட்டு வாங்கப் போகிறீர்களா? அகலம், பிளாஸ்டிக், மூலை எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை ராத்திரி ரம்மி நடக்கும். காசு கிடையாது, தோற்றவர் டீ போட வேண்டும், அவ்வளவுதான். கட்டு வாங்கும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்து பல வருஷம் ஆகிறது. அதனால் ஊரிலிருந்து வரும் சித்தப்பா முதல் மாடிவீட்டுப் பையன் வரை எல்லோரும் கேட்கும் சந்தேகங்கள் எனக்கு மனப்பாடம். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன்.

போக்கர் சைஸ், பிரிட்ஜ் சைஸ்னு போட்டிருக்கே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

அகலம் மட்டும்தான். போக்கர் சைஸ் சீட்டு இரண்டரை அங்குல அகலம், பிரிட்ஜ் சைஸ் இரண்டேகால் அங்குலம். உயரம் இரண்டுக்கும் மூன்றரை அங்குலமே. மில்லிமீட்டரில் சொன்னால் 63.5-க்கும் 57-க்கும் உள்ள வித்தியாசம். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் ஒன்றுமில்லாதது போலத் தெரியும். இரண்டு கட்டையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்தால் உடனே புரிந்துவிடும்.

சில கட்டுகளில் சைஸ் பெயரே இருக்காது. ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். இரண்டு சைஸையும் கலந்து ஆட முடியாது. அகலச் சீட்டு விளிம்பில் நீட்டிக்கொண்டு நிற்கும், கலைக்கவும் வராது.

அப்போ போக்கர் ஆடறவங்க போக்கர் சைஸ்தான் வாங்கணுமா?

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். சூதாட்ட விடுதிகளின் போக்கர் மேஜைகள் பலவற்றில் ஓடுவது பிரிட்ஜ் அகலத்துப் பிளாஸ்டிக் சீட்டுதான். டெக்சஸ் ஹோல்டம் ஆட்டத்தில் கையில் இருப்பது இரண்டே சீட்டு, எந்த அகலமானாலும் பிடித்துவிடலாம். நாள் முழுக்கச் சீட்டுப் போடும் ஆளுக்கோ ஒடுங்கிய கட்டு கையில் அடங்கும்.

பிரிட்ஜ் ஆட்டத்துக்கு மட்டும் பெயர் சரியாகப் பொருந்தும். ஒவ்வொருவர் கையிலும் 13 சீட்டு இருக்கும், எல்லாவற்றையும் விரித்துப் பிடித்தே யோசிக்க வேண்டும். 13 என்றதும் உங்களுக்கு ரம்மி ஞாபகம் வந்திருக்கும்.

நாங்க ரம்மி மட்டும்தான் ஆடுவோம். எந்த சைஸ்?

பிரிட்ஜ் சைஸ். கை பெரிய ஆளாக இருந்தாலும் என் பதில் இதுதான். சீட்டு எடுத்ததும் கையில் 14 ஆகிவிடுகிறது. அத்தனையும் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே நிற்க வேண்டும். விரித்துப் பிடிக்கும்போது சீட்டுகளின் அடிப்பாகம் உள்ளங்கைக்குள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வரும். அந்த இடத்தில் ஆறரை மில்லிமீட்டர் குறைந்தால் பிடி இறுகாமலே நிற்கும். பிடி இறுகினால்தான் அரை மணி நேரத்தில் கட்டைவிரல் வலிக்க ஆரம்பிக்கும்.

ஆனால் சைஸை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பிடிக்கச் சிரமமாக இருக்கிறது என்று வருபவர்களின் கட்டை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் குற்றவாளி அகலம் இல்லை, மூலையில் இருக்கும் எண்.

மூலையில எண் பெரிசா இருந்தா நல்லதுதானே? தூரத்திலிருந்தே தெரியுமே?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மூலையில் இருக்கும் எண்ணையும் அதற்குக் கீழே இருக்கும் சின்னத்தையும் பெட்டியில் 'இண்டெக்ஸ்' என்று போட்டிருப்பார்கள். சாதாரண அளவு ஸ்டாண்டர்ட், பெரியது ஜம்போ. விரித்துப் பிடிக்கும்போது ஒவ்வொரு சீட்டிலும் அந்த மூலை மட்டும் வெளியே தெரிந்தால் போதும். எண் எவ்வளவு அகலமோ, அவ்வளவு தூரம் ஒவ்வொரு சீட்டையும் தள்ளி விரித்தாக வேண்டும்.

என் கட்டுகளில் அளந்து பார்த்தேன். ஸ்டாண்டர்ட் எண் முழுதாகத் தெரிய, சீட்டின் ஓரத்திலிருந்து சுமார் 8 மில்லிமீட்டர் வெளியே இருக்க வேண்டும். ஜம்போவுக்கு 13 மில்லிமீட்டர். இப்போது 14 சீட்டை விரியுங்கள். நடுவில் 13 இடைவெளி. ஸ்டாண்டர்டில் 13 எட்டு 104, அதாவது விசிறியின் மேல் விளிம்பு பத்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஜம்போவில் 13 பதிமூன்று 169, கிட்டத்தட்ட பதினேழு சென்டிமீட்டர்.

கட்டைவிரல் அழுத்தும் இடத்திலிருந்து சீட்டின் மேல் மூலை ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர். அந்த ஆரத்தில் கால் வட்டம் வரைந்தால் சுமார் 13 சென்டிமீட்டர் வரும். ஒரு கையில் அலுங்காமல் பிடிக்க அந்தக் கால் வட்டம் வசதி. ஸ்டாண்டர்ட் எண் அதற்குள் அடங்கிவிடுகிறது, ஜம்போ தாண்டிவிடுகிறது. தாண்டியதும் கடைசி இரண்டு சீட்டு கட்டைவிரலின் பிடியிலிருந்து நழுவும், இல்லையென்றால் விசிறி பக்கத்து ஆள் பக்கம் சாயும். எங்கள் வீட்டு மாமா ஒருவர் ஜம்போ கட்டில் ஆடினால் அவருடைய ஜோக்கர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். மூன்று மாதம் நான் பெரிய ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கியது அப்படித்தான்.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். போக்கர் சைஸிலிருந்து பிரிட்ஜ் சைஸுக்கு மாறினால் மொத்த விரிப்பில் குறைவது கடைசிச் சீட்டின் ஆறரை மில்லிமீட்டர் மட்டுமே. ஜம்போவிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு மாறினால் 65 மில்லிமீட்டர் குறைகிறது. அதனால்தான் நான் முதலில் மூலையைப் பார்க்கச் சொல்கிறேன்.

அப்போ ஜம்போ யாருக்குத்தான்?

கையில் கொஞ்சம் சீட்டும் மேஜையில் நிறையச் சீட்டும் இருக்கும் ஆட்டத்துக்கு. ஹோல்டமில் நடுவில் கிடக்கும் ஐந்து சீட்டை எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர் படிக்க வேண்டும், அதற்கு ஜம்போ ரொம்பப் பொருத்தம். கழுதை ஆட்டத்திலும் கீழே போடுவது எல்லோருக்கும் தெரிய வேண்டும்தான். ஆனால் வெட்டு வாங்கி வாங்கிக் கை நிறைந்துவிடும், அப்போது மறுபடி பிடிக்கிற பிரச்சினை. ஆறு, எட்டு சீட்டுக்குள் முடிகிற ஆட்டம் என்றால் தயங்காமல் ஜம்போ வாங்குங்கள்.

மூலை எண்ணே விரித்துப் பிடிப்பதற்காக வந்ததுதான். அந்தக் காலச் சீட்டுகளில் மூலையில் ஒன்றும் இருக்காது, நடுவில் இருக்கும் பூக்களைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும். 1870-களில் அமெரிக்காவில் மூலை எண் போட்ட கட்டுகள் பரவியபோது அவற்றுக்கு 'ஸ்குவீசர்ஸ்' என்று பெயர் வந்தது. சீட்டை நெருக்கிப் பிடிக்கலாம் என்று அர்த்தம். நெருக்கிப் பிடிக்க வந்த எண்ணையே நெருக்க முடியாத அளவுக்குப் பெரிதாக்கினால் என்ன செய்வது!

நாங்க 21 சீட்டு ரம்மி ஆடுவோம். அதுக்கு?

மேலே போட்ட கணக்கையே நீட்டுங்கள். எடுத்த சீட்டோடு சேர்த்து 22, நடுவில் 21 இடைவெளி. ஸ்டாண்டர்ட் எண்ணில் 168 மில்லிமீட்டர், அதாவது கால் வட்டத்தைத் தாண்டிவிட்டது, ஆனாலும் சமாளிக்கலாம். ஜம்போவில் 273. அரை வட்டமே சுமார் 267-தான். அரை வட்டத்துக்கும் மேல் ஒரு கையில் விரிப்பது மயில் தோகைக்குத்தான் முடியும்.

அதனால் 21 சீட்டுக்கு பிரிட்ஜ் சைஸ், ஸ்டாண்டர்ட் எண், வேறு யோசனை வேண்டாம். பழகியவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். சேர்ந்துவிட்ட சீக்வென்ஸை முழுதாக விரிக்காமல், முதல் சீட்டு மட்டும் தெரியும்படி ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். ஒரு நாலு சீட்டு சீக்வென்ஸை அப்படி மடித்தால் மூன்று இடைவெளி மிச்சம்.

அப்பாவுக்கு 78 வயசு. சின்ன எண் தெரியல, பெரிய எண் பிடிக்க முடியல. என்ன பண்றது?

இது உண்மையிலேயே சிக்கலான கேள்வி, ஏனென்றால் இரண்டு தேவையும் எதிரெதிர். எண்ணைச் சிறிதாக்கிக் கண்ணை வருத்துவதைவிட, பிடிக்கும் வேலையைக் கையிலிருந்து எடுத்துவிடுவதே நல்ல வழி. மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ நீளமான பள்ளம் வெட்டிய சீட்டுத் தாங்கி கிடைக்கிறது. சீட்டுகளை அதில் செருகி நிறுத்திவிட்டால் எவ்வளவு விரிந்தாலும் கவலையில்லை, ஜம்போ தாராளமாக வைத்துக்கொள்ளலாம். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் இதே தீர்வு. வீட்டில் தச்சு வேலை தெரிந்த ஆள் இருந்தால் ஒன்றரை அடி ரீப்பர் கட்டையில் சாய்வாக ஒரு வெட்டு போட்டுத் தரச் சொல்லுங்கள், அதுவே போதும்.

இன்னொன்று, அப்பா எதில் தடுமாறுகிறார் என்று பாருங்கள். எண்ணிலா, சின்னத்திலா? எண்ணைச் சரியாகப் படித்துவிட்டு ஆட்டினை டைமன் என்று எடுத்தால், பிரச்சினை அளவில் இல்லை, நிறத்தில். அதற்கு நாலு நிறக் கட்டு வாங்கலாம். இஸ்பேட் கறுப்பு, ஆட்டின் சிவப்பு, டைமன் நீலம், கிளாவர் பச்சை என்று அச்சிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் இதை வாங்கியபின் ஸ்டாண்டர்ட் எண்ணிலேயே பெரியப்பா நிம்மதியாக ஆடினார். முதல் இரண்டு வாரம் மற்றவர்கள்தான் நீல டைமனைப் பார்த்துப் பார்த்து முழித்தோம்.

'பிளாஸ்டிக் கோட்டட்'னு வாங்கினேன், ரெண்டே வாரத்துல ஓரம் பிரிஞ்சுடுச்சு. பிளாஸ்டிக் இப்படி ஆகுமா?

நீங்கள் வாங்கியது காகிதம். பிளாஸ்டிக் கோட்டட் என்றால் காகிதத்தின் மேல் மெல்லிய பூச்சு மட்டுமே. '100% பிளாஸ்டிக்' என்று இருந்தால்தான் முழுப் பிளாஸ்டிக். பெட்டியில் இரண்டு வார்த்தையும் ஒரே சைஸ் எழுத்தில் இருப்பதால் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

கட்டை உடைத்தபின் தெரிந்துகொள்வது சுலபம். ஒரு சீட்டின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல காகிதச் சீட்டு இரண்டு தாளை ஒட்டிச் செய்தது, நடுவில் கறுப்பாகவோ சாம்பலாகவோ ஒரு பசைக் கோடு இருக்கும். அந்தக் கறுப்புப் பசைதான் பின்பக்கத்திலிருந்து உள்ளே இருப்பது தெரியாமல் மறைக்கிறது. முழுப் பிளாஸ்டிக்கில் விளிம்பு ஒரே நிறமாக, அடுக்கு இல்லாமல் இருக்கும். உங்கள் சீட்டில் ஓரம் 'பிரிந்தது' என்கிறீர்களே, பிரிய இரண்டு தாள் இருந்ததால்தான் பிரிந்தது.

சரி, காகிதமா பிளாஸ்டிக்கா, ஒரே வார்த்தையில சொல்லுங்க.

வாரம் ஒரு முறைக்கு மேல் ஆடினால் பிளாஸ்டிக், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் எடுத்தால் காகிதம். ஒரே வார்த்தை இல்லைதான், மன்னிக்கவும்.

காகிதத்துக்கு எதிரி வியர்வையும் ஈரக்காற்றும். கடலோர ஊரில் மே மாதம் ஒரு காகிதக் கட்டை இரவு முழுக்க வெளியே வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள், ஈரம் குடித்துக் கொஞ்சம் தடித்திருக்கும், ஒரு பக்கமாக வளைந்தும் இருக்கும். கலைக்கும்போது ஒன்றோடொன்று கவ்வும். ஆனால் புதுக் காகிதக் கட்டு கையில் வழுக்காது, சுகமாகக் கலையும், விலையும் குறைவு. மேல்புறத்தில் சின்னச் சின்னக் குழிகள் பதித்த கட்டைத் தேடுங்கள். அந்தக் குழிகளில் காற்று தங்குவதால்தான் சீட்டுகள் ஒட்டாமல் நழுவுகின்றன. வழவழப்பாக இருக்கும் மலிவுக் கட்டுகளில் அது இருக்காது.

பிளாஸ்டிக்கில் இரண்டு வகை உண்டு. கோபாக் கம்பெனிக் கட்டுகள் பி.வி.சி., கெம் கம்பெனிக் கட்டுகள் செல்லுலோஸ் அசிடேட் வகை. இரண்டுமே தண்ணீரைக் குடிக்காது, கழுவலாம். கெம் கட்டு வளைத்தால் திரும்ப நிமிரும், கையில் காகிதத்துக்குச் சற்று நெருக்கமாக இருக்கும். பி.வி.சி.-யை வளைத்தே வைத்திருந்தால் அந்த வளைவைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். நம் வீட்டு ஆட்டத்துக்கு இரண்டும் போதும்.

ஆன்லைன்ல தங்கக் கலர் பிளாஸ்டிக் கட்டு மலிவா வருதே, அதுவும் பிளாஸ்டிக்தானே?

பிளாஸ்டிக்தான், ஆனால் ஆடுவதற்கு இல்லை. முகப்பு முழுக்கப் பளபளப்பதால் டியூப்லைட்டின் கீழே உட்கார்ந்தால் எண்ணுக்குப் பதில் விளக்குதான் தெரியும். சிவப்பும் கறுப்பும் தங்கத்தின் மேல் ஒன்றுபோலவே இருக்கும். மேல்புறம் வழவழ என்பதால் நாலைந்து சீட்டு சேர்ந்தே வரும், சீட்டுப் போடும்போது ஒருவருக்கு 14 போய்விடும். கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்க நன்றாக இருக்கும்.

நல்ல பிளாஸ்டிக் கட்டுதான் வாங்கினேன். ஆனா அடுக்கி வச்சா சரிஞ்சு ஓடுது, ஒரு சீட்டு கீழ விழுந்தா எடுக்க முடியல.

புதுப் பிளாஸ்டிக் கட்டு அப்படித்தான் நடக்கும். பத்து இருபது ஆட்டம் ஆடியதும் கைப்பட்டு அடங்கிவிடும். அதற்குள் கட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். பிரச்சினை பெரும்பாலும் அடியில் இருக்கும் பரப்பில். கிரானைட் தரையிலோ கண்ணாடி மேஜையிலோ பிளாஸ்டிக் சீட்டு படுத்துவிட்டால் நகம் நுழையாது. ஜமுக்காளம் விரித்து அதன்மேல் ஆடுங்கள். சீட்டின் ஓரத்தை அழுத்தினால் துணி அமுங்கி மறுஓரம் எழும்பும், எடுத்துவிடலாம். மூடிய கட்டும் சரியாது.

கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு ஒட்டுது. கேரம் போர்டு பவுடர் தூவலாமா?

பிளாஸ்டிக் என்றால் தூவாதீர்கள், கழுவுங்கள். ஒட்டுவதற்குக் காரணம் பஜ்ஜி எண்ணெயும் வியர்வையும். அதன்மேல் பவுடர் போட்டால் மாவாகி இன்னும் ஒட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பத்துப் பத்துச் சீட்டாக முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்துவிடுங்கள். இரண்டு கட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். கொதிக்கும் தண்ணீர் கூடாது, வெயிலில் காய வைக்கவும் கூடாது, சூட்டில் நெளிந்துவிடும். காரின் டேஷ்போர்டில் விட்டுவிட்டு மத்தியானம் கழித்துத் திரும்பி எடுத்த ஒரு கட்டு என்னிடம் இன்னமும் இருக்கிறது, அப்பளம் மாதிரி.

காகிதக் கட்டுக்கு உலர்ந்த துணியால் துடைப்பது மட்டுமே. பவுடர் ஒரு சிட்டிகை போட்டால் அன்றைக்கு ஓடும், அடுத்த வாரம் குழிகளில் போய் அடைத்துக்கொள்ளும். அந்த நிலைக்கு வந்த காகிதக் கட்டுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

பிளாஸ்டிக் கட்டு ஜோடியா ஒரே பெட்டியில வருது, ஒண்ணு சிவப்பு ஒண்ணு நீலம். ரம்மிக்கு ரெண்டு கட்டு வேணுமே, அதையே கலந்துக்கலாமா?

கலக்காதீர்கள். அந்த ஜோடி பிரிட்ஜ் ஆடுபவர்களுக்காக வந்தது. அவர்கள் ஒரு கட்டில் ஆடும்போது இன்னொரு கட்டைக் கலைத்துத் தயாராக வைப்பார்கள், எது எது என்று குழம்பாமல் இருக்க இரண்டு நிறம். ரம்மியில் இரண்டு கட்டும் ஒன்றாகக் கலந்துவிடும். முதுகில் நிறம் வேறானால் தகவல் கசியும். ஆட்டின் ஏழு இரண்டு இருக்கிறது என்று வையுங்கள், ஒன்று சிவப்பு முதுகு, ஒன்று நீல முதுகு. நீல முதுகு ஏழு ஏற்கெனவே கீழே விழுந்துவிட்டது. இப்போது மூடிய கட்டின் மேலே நீல முதுகு தெரிந்தால், அது ஆட்டின் ஏழு இல்லை என்று எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். எதிராளி கையிலும் எத்தனை சிவப்பு, எத்தனை நீலம் என்று எண்ணிவிடலாம்.

இரண்டு ஜோடிப் பெட்டி வாங்கி, சிவப்போடு சிவப்பையும் நீலத்தோடு நீலத்தையும் சேருங்கள். இரண்டு முழு ரம்மிக் கட்டு கிடைக்கும். ஒன்று கழுவிக் காயும்போது இன்னொன்றில் ஆடலாம். செலவு அதிகம்தான், நாலு குடும்பம் பங்கு போட்டால் தெரியாது. இரண்டு பெட்டியும் ஒரே சமயத்தில், ஒரே வகையாக வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து வாங்கிய பெட்டியின் சீட்டு புதிதாக நிற்கும், பழையது மங்கியிருக்கும், நிற வித்தியாசம் மாதிரியே அதுவும் காட்டிக்கொடுக்கும்.

என் தங்கச்சி இடது கைப் பழக்கம். அவ விரிச்சா எண்ணே தெரிய மாட்டேங்குது. கட்டுல குறையா?

கட்டில் குறையில்லை, அதில் எண் இரண்டே மூலையில் இருக்கிறது. பெரும்பாலான கட்டுகளில் எண் மேலே இடது மூலையிலும் தலைகீழாகக் கீழே வலது மூலையிலும் மட்டும் இருக்கும். வலது கைக்காரர் இடது கையில் பிடித்து, ஒவ்வொரு சீட்டின் இடது ஓரமும் தெரியும்படி விரிப்பார். உங்கள் தங்கை மறுபக்கமாக விரிப்பதால் வலது மேல் மூலை தெரிகிறது, அங்கே வெறும் வெள்ளை.

நாலு மூலையிலும் எண் போட்ட கட்டு கிடைக்கிறது, ஐரோப்பியக் கட்டுகளில் அதிகம். அது ஸ்டாண்டர்ட் எண்ணாக இருக்கட்டும். பிரிட்ஜ் அகலத்தில் நாலு ஜம்போ எண்ணைப் போட்டால் நடுவில் ராணிக்கு நிற்க இடமிருக்காது. வாங்கும் வரை, விரிக்கும்போது கடைசிச் சீட்டிலிருந்து தொடங்கி மாற்றி அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு இரண்டே ஆட்டத்தில் பழகிவிடும், சிலருக்கு வராது. வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

போக்கர் கட்டு ஒண்ணுல ஆறும் ஒன்பதும் குழம்புது. எண் நல்லாப் பெரிசாத்தான் இருக்கு.

பெரிதாக இருந்தால் போதாது, எப்படி நிற்கிறது என்பதும் முக்கியம். எண் நிமிர்ந்தும் சின்னம் அதற்குக் கீழேயும் இருந்தால் கண் குழம்பாது. சின்னம் எந்தப் பக்கமோ அது அடி, அவ்வளவுதான். எண்ணைச் சாய்த்துப் போட்டால் அந்த அடையாளம் போய்விடும். மூலையை மட்டும் லேசாகத் தூக்கிப் பார்க்கும் ஹோல்டம் ஆட்டக்காரர்களுக்காக இப்படிச் சில கட்டுகள் வந்தன. 2007 உலகப் போக்கர் தொடரில் அப்படி ஒரு புது வடிவத்தை இறக்கியபோது, ஆறும் ஒன்பதும் தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் புகார் செய்து சீட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

கையில் விரித்துப் பிடிக்கும் ஆட்டத்தில் மேல் மூலை எப்போதும் நிமிர்ந்தே இருக்கும் என்பதால் இந்தக் குழப்பம் குறைவு. ரம்மி ஆடும் நீங்கள் சாய்ந்த எண் கட்டை வாங்க ஒரு காரணமும் இல்லை.

ஒருத்தர் கட்டைப் பார்த்தே என் சீட்டைச் சொல்லிடறார். கட்டு அடையாளமாயிடுச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

அவர் மாமாவாக இருந்தால் முதலில் உங்கள் விசிறி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள், மேலே சொன்ன கதைதான்.

அதுவும் இல்லையென்றால் கட்டைச் சோதியுங்கள். முதுகுப் பக்கம் மேலே இருக்கும்படி முழுக் கட்டையும் தட்டி நேராக்கி, விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எல்லா விளிம்பும் ஒரே அளவு அழுக்காக இருந்தால் பயமில்லை. ஒன்றிரண்டு மட்டும் அதிகம் கறுத்திருந்தால், அவை எல்லோரும் ஆசையாகப் பிடித்து வைத்திருக்கும் சீட்டுகள், பெரும்பாலும் ஜோக்கர். எங்கள் பழைய காகிதக் கட்டில் அச்சடித்த ஜோக்கர் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் எடுக்கலாம், அவ்வளவு மெத்தென்று ஆகிவிட்டது. பிறகு முதுகை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மடிந்த மூலையில் பூச்சு உடைந்து வெள்ளைக் கோடு தெரியும். அந்த வெள்ளைக் கோடு காகிதத்தில் போகவே போகாது.

பிளாஸ்டிக்கில் அழுக்கைக் கழுவிவிடலாம், நக வெட்டும் விளிம்புக் கீறலும் போகாது. ஒரு சீட்டு கீறிவிட்டால் மற்ற கட்டை நம்ப முடியாது. இங்கேதான் முன்பு சொன்ன இரண்டு ஜோடிப் பெட்டி இன்னொரு தரம் உதவும். நீல ஜோடியில் ஒரு கிளாவர் ராஜா கீறிவிட்டால் அந்த ஜோடியில் ஒரு கட்டை முழுதாக எடுத்து வைத்துவிடுங்கள். இனி அதிலிருந்து உதிரிச் சீட்டு எடுத்து, தொலைந்ததற்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் ஒற்றை நீலக் கட்டில் கழுதை ஆட நாலு பேர் எப்படியும் வந்துவிடுவார்கள்.